ஒரே நாளில் ஒரு குடும்பக் குறும்படம்: ஷாட் லிஸ்ட்டும் ஸ்டோரி போர்டும் தயாரிப்பது எப்படி

என் முதல் குறும்படத்துக்கு நான் எழுதிய ஷாட் லிஸ்ட்டில் 42 ஷாட்கள் இருந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிரேக் விட்டபோது முடிந்திருந்தவை 11. மாலையில் மொட்டை மாடியில் எடுக்க வேண்டிய காட்சியை இருட்டுக்குள் எடுத்தோம், எடிட்டிங்கில் அதைத் தூக்கி எறிந்தோம். அன்று யாரும் சோம்பேறியாக இருக்கவில்லை. கதை போகிற வரிசையில் மனதில் ஓடிய படங்களை அப்படியே எழுதி வைத்திருந்தேன். அந்த நாள் எத்தனை படங்களைத் தாங்கும் என்று ஒருமுறைகூடக் கணக்குப் போடவில்லை. அதன் பிறகு எந்தப் படத்துக்கும் கணக்கை முதலில் போட்டுவிட்டுத்தான் ஷாட் பிரிக்க உட்காருகிறேன்.

ஒரு கதையை எடுத்துக்கொண்டு ஆரம்பத்திலிருந்து போவோம். ஐந்து பக்க ஸ்கிரிப்ட். இடம் தஞ்சைப் பக்கத்து ஓட்டு வீடு ஒன்று: கிழக்கு பார்த்த திண்ணை, நடுவில் முற்றம், சுற்றித் தாழ்வாரம், மேலே ஒரு சின்ன மொட்டை மாடி. சென்னையில் வேலை பார்க்கும் மகன், வீட்டை விற்க அப்பாவிடம் கையெழுத்து வாங்க வருகிறான். அம்மாவுக்கு விஷயம் முன்பே தெரியும். காட்சி 1, காலையில் திண்ணையில் மகன் வந்து இறங்குவது. காட்சி 2, சமையலறையில் அம்மாவும் மகனும். காட்சி 3, தாழ்வாரத்தில் அப்பாவும் மகனும் சாப்பிட, அம்மா பரிமாறுவது. காட்சி 4, மாலையில் மாடியில் அப்பாவும் மகனும். காட்சி 5, அந்தியில் மகன் புறப்படுவது.

முதலில் பென்சில், பிறகு கேமரா

ஸ்கிரிப்ட்டைப் பிரின்ட் எடுத்து, பென்சிலோடு உட்காருங்கள். ஒவ்வொரு காட்சியிலும் யாருடைய மனம் எந்த இடத்தில் திரும்புகிறதோ அங்கே ஒரு கோடு போடுங்கள். வசனம் மாறுகிற இடத்தில் வேண்டாம், மனம் மாறுகிற இடத்தில் மட்டும். குடும்பக் கதையில் பெரும்பாலும் யாரும் பேசாத நேரத்தில்தான் அது நடக்கும்.

நம் காட்சி 3 இரண்டு பக்கம். அதில் மூன்று கோடுகள்தான் விழுகின்றன. மகன் பேச்சை எடுக்கிறான். சாம்பார் ஊற்ற வந்த அம்மாவின் கை ஒரு நொடி நிற்கிறது. “எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லுப்பா” என்று சொல்லிவிட்டு, அப்பா தன் இலையை எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டு எழுந்திருக்கிறார். சுப வீட்டில் இலையைத் தன் பக்கமாக மடிப்போம், துக்க வீட்டில்தான் எதிர்ப்பக்கம். அப்பா வேறு எதுவும் சொல்லவில்லை. மொத்தப் படமும் அந்த மடிப்பில்தான் இருக்கிறது.

இந்தக் கோடுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாட் கட்டாயம் வேண்டும். மற்றவை எல்லாம் அந்த ஷாட்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஷாட்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் ஷாட் லிஸ்ட் எழுதினால், எழுதிய எல்லாமே சம முக்கியம் போலத் தெரியும். நேரம் போதாமல் போகும்போது எதை வெட்டுவது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டை அதே நேரத்தில் போய்ப் பாருங்கள்

லொக்கேஷன் பார்க்கப் போகிறவர்கள் வசதியான நேரத்தில் போய், எல்லா அறையையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். காலைக் காட்சியின் இடத்தைக் காலையிலும், சாப்பாட்டுக் காட்சியின் இடத்தை 11 மணிக்கும், மாடியை மாலை 5 மணிக்கும் பார்க்க வேண்டும். ஒரு முழு நாள் அந்த வீட்டில் இருப்பதே நல்லது.

நம் வீட்டில் அப்படி இருந்து பார்த்தால் மூன்று விஷயம் தெரியும். கிழக்குத் திண்ணையில் காலை 7 முதல் 8:30 வரை வெளிச்சம் பக்கவாட்டில் அழகாக விழுகிறது, 9 மணிக்குப் பிறகு சுள்ளென்று ஆகிவிடுகிறது. உச்சி வேளையில் முற்றத்தின் வெயில் ஒரு கட்டமாகத் தரையில் விழுந்து மெல்ல நகர்கிறது. பத்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு ஷாட்களை ஒட்டினால் அந்தக் கட்டம் குதிக்கும். மூன்றாவது அந்தி. நம் ஊரில் சூரியன் மறைந்த பிறகு நல்ல வெளிச்சம் 20 நிமிடத்துக்கு மேல் நிற்பதில்லை. வட ஐரோப்பிய நாடுகளில் இருப்பதுபோல நீண்ட அந்தி நமக்குக் கிடையாது. அதனால் காட்சி 5-ஐ எடுக்க நமக்கு இருப்பது அந்த 20 நிமிடமும் அதற்கு முன்னால் ஒரு 10, 15 நிமிடமும்தான்.

நகரும் வெயிலுக்கு எளிய வழி, முற்றத்தின் மேல் வெள்ளை வேட்டிகளை இழுத்துக் கட்டிவிடுவது. வெயில் வடிகட்டி மென்மையாக இறங்கும், தரையில் கட்டம் விழாது. ஆனால் முதல் வைட் ஷாட்டுக்கு முன்பே கட்ட வேண்டும். பாதியில் கட்டினால் அதற்கு முன் எடுத்ததோடு எதுவும் ஒட்டாது.

அங்கேயே ஒரு தாளில் வீட்டின் தரைப்படம் வரைந்துகொள்ளுங்கள். சுவர், தூண், கதவு, ஜன்னல், பிளக் பாயின்ட், எந்தப் பக்கம் கிழக்கு. காலடியால் அளந்தால் போதும். கேமராவைச் சுவரோடு ஒட்டி வைத்தாலும் 50 எம்எம் லென்ஸில் ஒருவர் இடுப்பு வரை வருவாரா என்பதை அங்கேயே போனில் எடுத்துப் பார்த்துவிடலாம். வீட்டில் உட்கார்ந்து எழுதிய பாதி ஷாட்கள் சமையலறையின் அகலத்தில் அடிபட்டுப் போகும். அது போகட்டும், ஷூட்டிங் அன்று போவதைவிட முன்பே போவது மேல்.

நாள் எத்தனை தாங்கும்

இங்கே ஷாட்களை எண்ணாதீர்கள், செட்டப்களை எண்ணுங்கள். கேமராவும் லைட்டும் ஒரு இடத்தில் நின்று எடுப்பது ஒரு செட்டப். நேரத்தைச் சாப்பிடுவது அதுதான். ஒரே இடத்தில் நின்று ஒரு மிட் ஷாட்டும், கேமராவை மட்டும் சற்றுத் திருப்பி ஒரு சின்ன ‘பேன்’ ஷாட்டும் எடுத்தால் செலவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

காலை 6 மணிக்கு ஆட்கள் வந்து, மாலை 6:45-க்குக் கேமரா நிற்கிறது என்றால் 765 நிமிடம். இறக்கி வைத்து முதல் லைட் போட 60. காலை டிபனும் மதியச் சாப்பாடும் சேர்த்து 75. நான்கு முறை இடம் மாற, முறைக்கு 20 வீதம் 80. மிச்சம் 550. ஒரு காட்சியின் முதல் செட்டப்புக்கு, லைட்டும் ரிகர்சலும் சேர்த்து, 40 நிமிடம் பிடிக்கும். அதே காட்சியில் அடுத்தடுத்த செட்டப்புக்குச் சராசரி 20. ஐந்து காட்சிக்கு முதல் செட்டப்கள் மட்டும் 200. மீதி 350-இல் 17 செட்டப். மொத்தம் 22. இது பத்துப் பேருக்குள் இருக்கிற, லைட்டுகளை அதிகம் நம்பாத ஒரு சின்ன யூனிட்டுக்கு என் அனுபவக் கணக்கு. உங்கள் கேமராமேன் நிதானமானவர் என்றால் 20-ஐ 25 ஆக்கிக்கொள்ளுங்கள்.

22 வரும் என்றால் 20-தான் எழுத வேண்டும். ஒரு மழைத் தூறல், ஒரு கரன்ட் கட், பக்கத்து வீட்டு மிக்ஸி, எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு செட்டப் இடம் தேவை.

20-ஐச் சமமாகப் பங்கு வைக்காதீர்கள். திண்ணை 3, சமையலறை 4, சாப்பாடு 8, மாடி 3, புறப்பாடு 2 என்று பிரித்தேன். கதையின் கனம் எங்கே இருக்கிறதோ அங்கே எண்ணிக்கை போக வேண்டும். மகன் பேருந்திலிருந்து இறங்கி நடந்து வருவதற்கு ஐந்து ஷாட் எடுத்து, இலை மடிப்பை அவசரமாக முடித்த படங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டுக் காட்சியைப் பிரித்துப் பார்ப்போம்

தெற்குத் தாழ்வாரம். அப்பா சுவரில் சாய்ந்து முற்றத்தைப் பார்த்து உட்காருகிறார். மகன் முற்றத்துத் தூணில் சாய்ந்து அவருக்கு எதிரே. அம்மா கிழக்குக் கோடியில் இருக்கும் சமையலறையிலிருந்து வருகிறார். அப்பாவையும் மகனையும் இணைத்துத் தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். கேமரா எப்போதும் அந்தக் கோட்டின் மேற்குப் பக்கமே நிற்கும். அப்போது எல்லா ஷாட்டிலும் அப்பா இடப்பக்கம் பார்ப்பார், மகன் வலப்பக்கம் பார்ப்பான். கோட்டைத் தாண்டிக் கிழக்கே போய் அப்பாவை எடுத்தால் அவரும் வலப்பக்கம் பார்ப்பார். எடிட்டிங்கில் இருவரும் வேறு யாரையோ பார்த்துப் பேசுவதுபோல இருக்கும். அம்மா கோட்டுக்குக் கிழக்கே நிற்பதால் அவருக்குக் குழப்பம் இல்லை. கேமராவிலிருந்து பார்த்தால் கணவர் வலப்பக்கம், மகன் இடப்பக்கம்.

இந்தத் தரைப்படத்தை வைத்துக்கொண்டு எழுதிய லிஸ்ட் கீழே. அதில் ‘கோடு’ என்பது ஸ்கிரிப்ட்டில் போட்ட பென்சில் கோடு. தரம் அ என்றால் கட்டாயம் எடுக்க வேண்டியது, ஆ என்றால் நேரம் போதாவிட்டால் விடலாம்:

| எண் | கேமரா பார்க்கும் திசை | ஷாட் | எதற்கு | தரம் |
|---|---|---|---|---|
| 3-1 | கிழக்கு | மாஸ்டர், வைட், மூவரும், காட்சி முழுக்க | எல்லாவற்றுக்கும் அடிப்படை | அ |
| 3-2 | கிழக்கு | அம்மா மிட், பரிமாறுவது | வருகை, போக்கு | ஆ |
| 3-3 | கிழக்கு | அம்மா க்ளோஸ், நின்றுபோகும் கையிலிருந்து முகத்துக்கு | இரண்டாவது கோடு | அ |
| 3-4 | தெற்கு | அப்பா மிட், முன்னால் மகனின் தோள் தெரிய | அப்பாவின் வசனங்கள் | அ |
| 3-5 | தெற்கு | அப்பா க்ளோஸ் | கூடுதல் | ஆ |
| 3-6 | தெற்கு | இலை மடிப்பு, மகன் பார்வையில் | மூன்றாவது கோடு | அ |
| 3-7 | வடக்கு | மகன் மிட், முன்னால் அப்பாவின் தோள் தெரிய | மகன் பேச்சை எடுப்பது | ஆ |
| 3-8 | வடக்கு | மகன் க்ளோஸ் | முதல் கோடு, மடிப்பைப் பார்ப்பது | அ |

‘எதற்கு’ என்ற பத்தியை எழுத முடியாத ஷாட்டை எடுத்துவிடுங்கள். ‘அழகாக இருக்கும்’ என்று மட்டும் எழுத முடிகிற ஷாட் தரம் ஆ. அப்பாவின் க்ளோஸுக்கு நான் ஆ போட்டது சிலருக்குத் தவறாகத் தெரியலாம். சொல்ல வேண்டியதை இலை சொல்லிவிடுகிறது. அவர் முகத்தை அதிகம் காட்டாமல் இருப்பதே கதைக்கு நல்லது என்பது என் எண்ணம்.

திசைப்படி லிஸ்ட்டை அடுக்கியதைக் கவனித்திருப்பீர்கள். கேமராவை ஒருமுறை திருப்பினால் லைட், வெளிச்சத்தைத் திருப்பிவிடும் தெர்மகோல், பின்னால் உட்கார்ந்திருக்கும் யூனிட் எல்லாம் இடம் மாற வேண்டும். அதனால் கிழக்கு முழுவதையும் முடி, தெற்கு முழுவதையும் முடி, பிறகு வடக்கு. வடக்கைக் கடைசியில் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. மகனுக்குப் பின்னால் பிரகாசமான முற்றம் இருக்கிறது. உச்சி வெயில் சற்றுத் தணிந்த பிறகு, 2 மணிக்கு மேல், அவன் முகத்தையும் முற்றத்தையும் ஒன்றாகச் சமாளிப்பது எளிது.

இப்படி அடுக்குவதால் ஒரு தொல்லை வரும். இலையில் சோறு நிறைந்திருக்கும் தருணமும் காலியாகும் தருணமும் ஒவ்வொரு திசையிலும் திரும்பத் திரும்ப வரும். சோறு குறையும் வரிசையில் எடுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். லைட்டைத் திருப்ப 20 நிமிடம், இலையை மாற்ற 3 நிமிடம். எனவே லிஸ்ட்டில் ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் இலையின் நிலையைக் குறித்துவையுங்கள்: முழு, பாதி, மோர். ஒவ்வொரு நிலைக்கும் மாஸ்டர் எடுக்கும்போதே ஒரு போட்டோ. எந்த வசனத்தில் கவளம் வாய்க்குப் போகிறது, எந்த வசனத்தில் கை இலையிலேயே இருக்கிறது என்பதையும் ரிகர்சலில் முடிவுசெய்து எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் வைட் ஷாட்டில் கை வாயருகே இருக்கும், மிட்டில் இலையில் இருக்கும், ஒட்டவே ஒட்டாது. இலையின் நுனி உட்கார்ந்திருப்பவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பதை இலை மாற்றுகிறவரிடம் தனியாகச் சொல்லிவையுங்கள். எட்டு செட்டப்புக்குச் சராசரி மூன்று டேக், இரண்டு பேர். 50 இலை வாங்கிவைத்தால் பயமில்லை. நடிகர்களுக்குக் காலையில் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதீர்கள்.

எதை வரைய வேண்டும்

ஸ்டோரி போர்டு என்பது ஷாட்களைக் கட்டம் கட்டமாக வரைந்து வைப்பது. அதற்காக 20 செட்டப்பையும் வரையத் தேவையில்லை. சமையலறையில் இருவர் நின்று பேசுவதை வரைந்து யாருக்கும் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. எழுத்தில் சொன்னால் இருவர் இருவிதமாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஷாட்களையும், ஒன்றோடொன்று ஒட்ட வேண்டிய ஷாட்களையும் மட்டும் வரையுங்கள். நம் படத்தில் அது 3-3, 3-6, 3-8, பிறகு கடைசிக் காட்சியின் இரண்டு ஷாட்கள்.

ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து, 8 செமீ அகலம், 4.5 செமீ உயரத்தில் ஆறு கட்டங்கள் போடுங்கள். அது 16:9. கட்டத்தின் வடிவம் தவறினால் வரைந்தது எதுவும் உதவாது. தலைக்கு ஒரு முட்டை, உடம்புக்கு ஒரு கோடு, முகம் பார்க்கும் பக்கம் ஒரு மூக்கு. இதற்கு மேல் ஓவியம் வேண்டாம். ஆள் நகர்ந்தால் கட்டத்துக்குள் அம்பு, கேமரா நகர்ந்தால் கட்டத்துக்கு வெளியே அம்பு. கீழே ஷாட் எண்ணும், எந்த வசனத்தில் உள்ளே வந்து எதில் வெளியேறுகிறோம் என்பதும்.

3-6-ஐ எடுத்துக்கொள்வோம். லிஸ்ட்டில் ‘இலை மடிப்பு’ என்றுதான் இருந்தது. முதலில் நான் வரைந்தது, மேலிருந்து இலை மட்டும் கட்டம் நிறைய, ஒரு கை வந்து மடிக்கிறது. வரைந்து முடித்து என் மனைவியிடம் காட்டினேன். “இதுல யாரு எந்தப் பக்கம் உக்காந்திருக்காங்க?” என்றார். அவ்வளவுதான், ஷாட் விழுந்துவிட்டது. மடிக்கிறவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரியாவிட்டால், தன் பக்கமாக மடித்தாரா, எதிர்ப்பக்கமாகவா என்று எப்படித் தெரியும்? படத்தின் பொருளே போய்விடும்.

இரண்டாவது முறை கேமராவை மகனின் கண்மட்டத்துக்கு இறக்கி, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து வரைந்தேன். கட்டத்தின் மேல் ஓரத்தில் அப்பாவின் சம்மணக் கால்களும் வேட்டியும். கீழ் ஓரத்தில் மங்கலாக மகனின் இலை, இன்னும் பாதிச் சோறோடு. அப்பாவின் விரல்கள் தன் பக்கத்து ஓரத்தைத் தூக்கிக் கேமராவை நோக்கிக் கொண்டுவந்து மடிக்கின்றன. மகனை நோக்கி மடிக்கப்படுவது இப்போது பளிச்சென்று தெரிகிறது. மூன்றாவது கட்டத்தில் 3-8, மகன் கீழே பார்த்துக்கொண்டிருந்த கண்ணை நிமிர்த்துகிறான். இலை கீழே இருப்பதால் அவன் பார்வை கீழிருந்து வலப்பக்கம் மேலே போக வேண்டும், அப்பா எழுந்துவிட்டார் அல்லவா. இந்த ஒரு பார்வையை வரைந்து வைக்காமல் போயிருந்தால் அவனை நேராகப் பார்க்கச் சொல்லியிருப்பேன்.

வரைவது சுத்தமாக வரவில்லை என்றால், நண்பர்கள் இருவரை அந்தத் தாழ்வாரத்தில் உட்காரவைத்துப் போனில் எடுத்து, படங்களைத் தாளில் ஒட்டுங்கள். போனைக் கேமரா நிற்கப்போகும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். எட்ட நின்று ஜூம் செய்து எடுத்த படம் பொய் சொல்லும்.

நாளின் வரிசை

இப்போது கதை வரிசையை மறந்துவிட்டு வெளிச்சத்தின் வரிசையில் எழுதுங்கள். நம் கதை காலையில் தொடங்கி அந்தியில் முடிவதால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வருவது அதிர்ஷ்டம். மார்ச் மாத நாள் ஒன்றுக்கு இப்படி வந்தது: திண்ணை 7:00 முதல் 8:20. டிபன், இடம் மாற்றம். சமையலறை 9:00 முதல் 10:40. தாழ்வாரம் 11:00 முதல் 1:20, அதற்குள் கிழக்கும் தெற்கும், அதாவது 3-6 வரை. சாப்பாடு. 2:05 முதல் 2:50 வடக்கு. மாடி 4:30 முதல் 5:50. திண்ணையில் புறப்பாடு 6:10 முதல் 6:45.

கடைசி வரியைக் கணக்கோடு ஒத்துப்பாருங்கள். இரண்டு செட்டப்புக்கு 60 நிமிடம் வேண்டும், இருப்பது 35. மாடி முடிந்து இறங்கிய பிறகு லைட் போடத் தொடங்கினால் இருட்டிவிடும். அதனால் 3 மணிக்கும் 4:30-க்கும் நடுவே கிடைக்கிற இடைவெளியில் திண்ணை பல்பை எரியவைத்து, அதன் வெளிச்சத்தைச் சரிசெய்து, கேமரா நிற்கும் இரண்டு இடத்திலும் தரையில் டேப் ஒட்டிவிட வேண்டும். ஒரு ஒத்திகையும் அப்போதே. பிறகு வந்து கேமராவை வைத்தால் எடுக்க வேண்டியதுதான். அதே இடைவெளியில் தாழ்வாரத்திலும் சமையலறையிலும் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் சத்தத்தை, பதிவுசெய்துகொள்ளுங்கள். ஃபிரிட்ஜை நிறுத்தி வைத்திருந்தால் அப்போதும் நிறுத்தியே இருக்க வேண்டும்.

அன்றைய நாளில்

ஷாட் லிஸ்ட்டின் ஒரு பிரதியும் ஒரு சிவப்புப் பேனாவும் ஒரே ஒரு அசிஸ்டென்ட் கையில் இருக்க வேண்டும். ஷாட் ஓகே ஆனதும் அடிப்பது அவர் வேலை, நேரத்தைப் பக்கத்தில் எழுதுவதும் அவர் வேலை. டைரக்டர் கையில் அந்தத் தாள் இருந்தால் அது பத்து மணிக்குள் எங்காவது போய்விடும்.

பின்தங்குகிறோமா என்று மதியம்தான் தெரியும் என்று நினைக்காதீர்கள். 9 மணிக்குச் சமையலறையில் முதல் ஷாட் ஓடவில்லை என்றால் அப்போதே பின்தங்கியாயிற்று. அங்கேயே சமையலறையின் ஆ தர ஷாட் ஒன்றை அடித்துவிடுங்கள். தாழ்வாரத்திலிருந்து கடன் வாங்கலாம் என்று தோன்றும், அங்கே கை வைக்காதீர்கள். தாழ்வாரத்தில் 12:30 ஆகியும் கேமரா தெற்கே திரும்பவில்லை என்றால் 3-5-ஐ விட்டுவிட்டு 3-4, 3-6 என்று போங்கள். வடக்கில் நேரம் இல்லாவிட்டால் 3-7 போகட்டும், மகனின் வசனங்களை மாஸ்டரிலும் க்ளோஸிலும் வைத்துச் சமாளிக்கலாம். தரம் அ என்று எழுதியதை வெட்டும் நிலை வந்தால், வெட்டுவதற்குப் பதில் இரண்டை ஒரே செட்டப்பில் சேர்க்க முடியுமா என்று கேமராமேனிடம் கேளுங்கள். 3-4-இல் அப்பா எழுந்திருக்கும்போது கேமரா அவரைத் தொடராமல் இலைக்கு இறங்கினால், 3-6 அதற்குள்ளேயே வந்துவிடும். அழகு கொஞ்சம் குறையும், மடிப்பு இருக்கும்.

அந்த மடிப்புக்கு மட்டும் ஐந்து புது இலையைத் தனியாக ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காய்ந்த இலை மடிக்கும்போது கிழியும்.